செயலியை அழித்த பிறகும் நிற்காத சந்தா

போனிலிருந்து செயலியை அழித்துவிட்டால் அதன் சந்தாவும் நின்றுபோகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிற்காது. ஏனென்றால் சந்தா உங்கள் போனில் இல்லை. அது இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. ஒன்று, அந்த நிறுவனத்தின் கணக்கில்: இவர் எங்கள் சந்தாதாரர், மாதாமாதம் இவ்வளவு தர வேண்டும் என்று. இன்னொன்று, உங்கள் வங்கியில்: இந்த நிறுவனம் கேட்டால், இந்தத் தொகை வரை, என்னை மறுபடி கேட்காமலே எடுத்துக் கொடுக்கலாம் என்று. செயலியை அழிப்பது இந்த இரண்டு பதிவுகளில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பதிவை நீக்கினால் மற்றது தானாக நீங்கிவிடும் என்று சொல்ல முடியாது. நிறுவனத்திடம் சந்தாவை நிறுத்தச் சொன்ன பிறகும் வங்கி அனுமதி உயிரோடு இருக்கலாம். வங்கி அனுமதியை நீக்கிய பிறகும் நிறுவனத்தின் ஏட்டில் நீங்கள் பணம் தராத சந்தாதாரராகவே நீடிக்கலாம். இரண்டையும் தனித்தனியாக முடித்து, இரண்டுக்கும் அத்தாட்சி எடுத்து வைத்துக்கொள்பவர்தான் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கும்போது வலுவான இடத்தில் நிற்கிறார்.

எங்கள் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். மகளின் ஆங்கிலப் பேச்சுக்காக ஒரு பயிற்சிச் செயலியை ஜூன் 5ஆம் தேதி இறக்கினார். ஒரு ரூபாய் கட்டினால் ஏழு நாள் பார்க்கலாம் என்று திரையில் இருந்தது. கட்டினார். பாடங்கள் மகளுக்குப் பிடிக்காததால் ஜூன் 10ஆம் தேதி செயலியை அழித்தார். ஜூன் 12ஆம் தேதி 299 ரூபாய் போனது. ஜூலை 12ஆம் தேதி மறுபடி 299. கடைக்கு நூல், பட்டன் வாங்குவதற்கே ஒரு நாளைக்குப் பத்து முறை யூபிஐ வழியாகப் பணம் போய்வரும் கணக்கு அது. ஆகஸ்ட் 12ஆம் தேதி மூன்றாவது 299 போனபோதுதான், வாடிக்கையாளர் யாரும் அந்த நேரத்தில் கடையில் இல்லாததால், வங்கியின் குறுஞ்செய்தியை நின்று படித்தார்.

"ஆப்பையே அழிச்சுட்டேனே தம்பி, அப்புறம் எப்படி எடுக்குறாங்க? நான் நம்பர் போடவே இல்லையே" என்று கேட்டார்.

"நம்பர் போட்டீங்கக்கா, அந்த ஒரு ரூபாய் கட்டின அன்னிக்கு" என்றேன்.

அந்த ஒரு ரூபாய்த் திரையை நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்கிறவருக்கு அது ஒரு ரூபாய் கட்டும் திரை. வங்கிக்கோ அது ஆட்டோபே அனுமதித் திரை. யூபிஐ ரகசிய எண்ணைப் போட்டதும் ஒரு ரூபாய் மட்டும் போகவில்லை. இனிவரும் மாதங்களுக்கான ஒப்புதலும் போகிறது. வங்கிக்காரர்கள் இதை மேண்டேட் என்கிறார்கள். அந்தத் திரையில் சின்ன எழுத்தில் சில விவரங்கள் இருக்கும். அதிகபட்சத் தொகை ஒன்று. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது ஒன்று. எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று. அக்காவின் அனுமதியில் அதிகபட்சம் 5,000 ரூபாய் என்றும், கால இடைவெளிக்கு நேரே "As presented" என்றும் இருந்தது. நிறுவனம் எப்போதெல்லாம் கேட்கிறதோ அப்போதெல்லாம் என்று அதற்குப் பொருள். முடியும் தேதி பல வருடங்களுக்கு அப்பால் இருந்தது. அதாவது மாதம் 299 ரூபாய் என்பது நிறுவனம் விளம்பரத்தில் சொன்ன விலைதான். வங்கியிடம் அக்கா தந்த ஒப்புதலோ, ஒவ்வொரு முறையும் 5,000 வரை. நாளைக்கே விலையை 899 ஆக்கினாலும் அதே அனுமதியில் பிடிக்க இடமிருக்கிறது. ஒரு ஆட்டோபே அனுமதியைத் திறந்து பார்க்கும்போது, இதுவரை எவ்வளவு போனது என்பதைவிட இந்த உச்சவரம்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இப்படி ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு முறையும் ஓடிபியோ ரகசிய எண்ணோ இல்லாமல் பணம் போவதற்கு இந்திய ரிசர்வ் வங்கியே விதிகளை வகுத்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் கார்டுகளுக்கு வந்த விதிகள், அடுத்த ஆண்டு ஜனவரியில் யூபிஐக்கும் நீட்டிக்கப்பட்டன. 2021 அக்டோபர் 1 முதல் வங்கிகள் அவற்றைக் கறாராகப் பின்பற்றத் தொடங்கின. அந்த மாதத்தில் பலருடைய கார்டுகளில் பழைய தானியங்கிக் கட்டணங்கள் திடீரென்று நின்றது அதனால்தான். ஓடிபி கேட்காமல் ஒருமுறையில் எடுக்கக்கூடிய தொகை முதலில் 2,000 ரூபாயாக இருந்தது. பிறகு 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம் வரை அனுமதித்தார்கள்.

வாடிக்கையாளருக்கு இந்த விதிகளில் மிகவும் பயன்படுவது ஒன்று உண்டு. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, இந்த நிறுவனத்துக்கு, இந்தத் தேதியில், இவ்வளவு தொகை போகப்போகிறது என்று உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். அந்த ஒரு முறையை மட்டும் தடுக்கவோ, அனுமதியை முழுதாக நீக்கவோ வழியும் அந்தத் தகவலிலேயே இருக்க வேண்டும். பிடித்த பிறகு இன்னொரு தகவல் வர வேண்டும். ஃபாஸ்டாக் தானாக நிரம்புவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்த முன்தகவலிலிருந்து விலக்கு உண்டு. மற்றபடி ஒரு மாதச் சந்தாவுக்கு முன்தகவல் வரவே இல்லையென்றால் அது விதிமீறல். உங்கள் புகாரில் எழுத வேண்டிய வலுவான வரியும் அதுதான்.

ஆனால் அப்படி எழுதும் முன் நன்றாகத் தேடிப் பாருங்கள். தகவல் எங்கே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. கார்டு என்றால் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் வரும். யூபிஐ என்றால் எந்தச் செயலியில் அனுமதி தந்தீர்களோ அந்தச் செயலியின் அறிவிப்பாகவே வந்து, கேஷ்பேக் விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துவிடும். அக்காவுக்கும் அப்படித்தான். ஜூலை 11ஆம் தேதி வந்த அறிவிப்பு உள்ளேயே கிடந்தது. அதனால் முன்தகவல் வரவில்லை என்ற புகாரை நாங்கள் எழுதவில்லை. பொய்யான ஒரு வரி சேர்ந்தால் உண்மையான மற்ற வரிகளையும் வங்கி நம்பாது.

இனி நிறுத்தும் வேலை. எதையும் நீக்குவதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பே செய்யும் செயலியில் உங்கள் படத்தையோ பெயரையோ தொட்டால் "Autopay" என்றோ "Automatic payments" என்றோ ஒரு பகுதி இருக்கும். நீங்கள் அந்தச் செயலி வழியாகத் தந்த அனுமதிகள் அங்கே வரிசையாகத் தெரியும். இரண்டு மூன்று யூபிஐ செயலிகள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம். குறிப்பிட்ட அனுமதியைத் திறந்தால் உச்சவரம்பு, இடைவெளி, தொடங்கிய நாள், முடியும் நாள் ஆகியவற்றோடு, எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக, @ குறியோடு ஓர் அடையாள எண் இருக்கும். அதற்கு UMN என்று பெயர். அந்தத் திரையைப் படம் எடுங்கள். பணம் போன ஒவ்வொரு முறைக்கும் உரிய 12 இலக்க யூபிஐ எண்ணையும் பரிவர்த்தனை விவரத்திலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். இவை இருந்தால் வங்கியில் யாரிடம் பேசினாலும் ஒரே நிமிடத்தில் விஷயத்துக்கு வந்துவிடலாம்.

அடுத்த பிடித்தத்துக்கு இன்னும் சில நாள் இருக்கிறது என்றால் நிறுவனத்தின் பக்கம் முதலில் முடிப்பது நல்லது. அவர்களுடைய இணையதளத்தில் உள்நுழைந்து சந்தாப் பக்கத்தில் நிறுத்துங்கள். பொத்தான் கண்ணில் படவில்லை என்றால், செயலியின் விவரப் பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுங்கள். அடுத்த பிடித்தம் நாளை அல்லது இன்றைக்கே என்றால் வரிசையை மாற்றி, முதலில் வங்கி அனுமதியை நீக்கிவிடுங்கள். அனுமதிப் பக்கத்தின் அடியில் "Pause" என்றும் "Cancel" அல்லது "Revoke" என்றும் இருக்கும். நிறுத்தி வைப்பது வேறு, நீக்குவது வேறு. நிறுத்தி வைத்த அனுமதிக்கு மீண்டும் உயிர் வரும். நீக்கியதும் அதன் நிலை மாறியிருப்பதை உறுதிசெய்து, அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீக்கும்போது யூபிஐ ரகசிய எண்ணைக் கேட்கும். அங்கே அதைப் போடலாம், பணம் போகாது. ஆனால் அந்த எண்ணைப் போடும் ஒவ்வொரு முறையும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சந்தாவை நிறுத்த வழி தெரியாமல் இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறவர்களுக்காகவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அழைத்தால் அன்பாகப் பேசி, "ரீஃபண்ட் அனுப்புறேன், வர்ற ரிக்வெஸ்டை ஓகே பண்ணி நம்பரைப் போடுங்க" என்பார்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அந்தத் திரை பணம் கட்டும் திரையாகவோ, புதிய ஆட்டோபே அனுமதியாகவோதான் இருக்கும். 299 ரூபாயைத் திரும்பக் கேட்கப் போய்க் கணக்கையே காலி செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொன்னால் அழைப்பை உடனே துண்டியுங்கள்.

கணக்கில் பணம் இல்லாமல் வைத்தால் தானாக நின்றுவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஒருமுறை தோற்றால் யூபிஐ ஆட்டோபே அத்துடன் விட்டுவிடாது. முதல் முயற்சிக்குப் பிறகு மேலும் மூன்று முறை வரை முயலலாம் என்பது 2025 ஆகஸ்ட் முதல் உள்ள நடைமுறை. நெரிசல் இல்லாத நேரம் பார்த்து, காலை 10 மணிக்கு முன்போ, மதியம் 1 முதல் 5 மணிக்குள்ளோ, இரவு ஒன்பதரைக்குப் பிறகோ முயற்சி நடக்கும். அந்த இடைவெளியில் யாராவது உங்களுக்குப் பணம் அனுப்பினால் அதிலிருந்து போய்விடும். நேரடியாக வங்கி வழியாக நாச் முறையில் தந்த அனுமதி என்றால், பணம் இல்லாமல் திரும்பிய ஒவ்வொரு முறைக்கும் வங்கி அபராதம் பிடிக்கும். வெறும் கணக்கு ஒரு தடுப்பே அல்ல.

ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்த சந்தாவுக்கு வழி வேறு. வங்கிக் குறிப்பில் கூகுள் பெயர் இருந்தால், பணம் அந்தச் செயலிக்கு நேரடியாகப் போகவில்லை. கூகுள் வழியாகப் போகிறது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு "Payments & subscriptions", அதற்குள் "Subscriptions" என்று போய், அங்கே நிறுத்த வேண்டும். வங்கி அனுமதியை மட்டும் நீக்கினால் அதே கூகுள் கணக்கில் நீங்கள் வைத்திருக்கும் மற்ற சந்தாக்களும் சேர்ந்து அறுபடலாம். ஐபோன் என்றால் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டால் "Subscriptions" இருக்கும். இங்கே ஒரு வசதி: ப்ளே ஸ்டோரில் இலவசக் காலத்தைத் தொடங்கிய அன்றே சந்தாவை நிறுத்தினாலும், அந்தக் காலம் முடியும்வரை பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். நிறுத்த வேண்டிய தேதியை நினைவில் வைத்துக்கொண்டு கவலைப்படத் தேவையில்லை. வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி கூகுளிடமே விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு செயலியை நடத்துகிறவர்களிடம் கேட்கும்படிதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆப்பிளுக்கு reportaproblem.apple.com என்ற பக்கம்.

கார்டில் போகும் சந்தாக்களை உங்கள் வங்கியின் நெட்பேங்கிங்கிலோ, கார்டுச் செயலியிலோ, வங்கி அனுப்பும் முன்தகவல் மின்னஞ்சலில் உள்ள இணைப்பு வழியாகவோ பார்க்கலாம். அங்கேயும் ஓடிபி போட்டு நீக்கலாம். அவசரம் என்றால் கார்டின் இணையப் பரிவர்த்தனையையோ வெளிநாட்டுப் பரிவர்த்தனையையோ தற்காலிகமாக அணைத்து வைக்கும் வசதி எல்லா வங்கிகளிலும் உண்டு. அது மற்றக் கட்டணங்களையும் சேர்த்தே தடுக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

பால், மளிகை, மருந்து என்று பொருளாகவே மீண்டும் மீண்டும் வரும் ஆர்டர்களில் இன்னொரு நெளிவு இருக்கிறது. அங்கே பணம் பிடிக்கும் நாளுக்கு முன்பே பொருளை அனுப்பும் வேலை தொடங்கிவிடும். அதனால் "அடுத்த ஆர்டர்" என்பதைத் தவிர்ப்பது ஒரு வேலை, தொடர் ஆர்டரையே முடிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்ய வேண்டும். பொருள் கிளம்பிவிட்டிருந்தால் வாசலில் வாங்காமல் திருப்பி அனுப்புவது, வாங்கி வைத்துக்கொண்டு வாதாடுவதைவிட எளிது.

கடன் தவணைக்கும் காப்பீட்டுக்கும் தந்த ஆட்டோபே அனுமதியை மட்டும் இந்த வேகத்தில் நீக்கிவிடாதீர்கள். அனுமதியை நீக்கினால் பணம் போவது நிற்கும், கடன் நிற்காது. தாமதக் கட்டணம் ஏறும், சிபில் மதிப்பெண் இறங்கும், பாலிசி காலாவதியாகும்.

இனி, ஏற்கெனவே போன பணம். எல்லாப் பிடித்தமும் ஒன்றல்ல என்பதை முதலில் புரிந்துகொண்டால்தான் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியும். நீங்கள் ஒப்புதல் தந்து, மறந்துபோய், அதன்படி பணம் போயிருந்தால், வங்கியின் கணக்கில் அது சரியான பிடித்தம். அதைத் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. பேச வேண்டியது அவர்களிடம்தான். நீங்கள் அனுமதியை நீக்கிய பிறகும் பணம் போயிருந்தாலோ, உச்சவரம்பைத் தாண்டிப் போயிருந்தாலோ, முன்தகவல் இல்லாமல் போயிருந்தாலோ, வங்கியும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் எந்த அனுமதியும் தராத இடத்துக்குப் பணம் போயிருந்தால் அது மோசடி. உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

முதல் வகையை மூன்றாம் வகையாகச் சொல்லி வங்கியில் புகார் கொடுப்பது பலர் செய்வது. "எனக்கே தெரியாமல் போச்சு" என்று எழுதினால் வங்கி தன் பதிவைப் பார்க்கும். அதில் உங்கள் ரகசிய எண்ணோடு தந்த ஒப்புதல் இருக்கும். புகார் அன்றே மூடப்படும். ஒருமுறை மூடிய புகாரைத் திறப்பது கடினம்.

அக்காவின் மூன்று பிடித்தங்களும் முதல் வகை. அதனால் வங்கிக்குப் போகவில்லை. ஆகஸ்ட் 12ஆம் தேதி மதியமே ஆட்டோபே அனுமதியை நீக்கினார். பிறகு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். கோபம் தெரியாமல், நான்கே விஷயங்களோடு அதை எழுதினோம்:

"ஜூன் 5 அன்று உங்கள் ஒரு ரூபாய்ச் சோதனைத் திட்டத்தில் சேர்ந்தேன். ஜூன் 10க்குப் பிறகு உங்கள் செயலியை நானோ என் மகளோ ஒருமுறைகூடத் திறக்கவில்லை. உங்கள் பதிவிலேயே இதைச் சரிபார்க்கலாம். ஜூன் 12, ஜூலை 12, ஆகஸ்ட் 12 ஆகிய நாள்களில் தலா 299 ரூபாய் வீதம் 897 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது; யூபிஐ எண்கள் கீழே உள்ளன. இன்றோடு என் சந்தாவை ரத்து செய்து உறுதி அனுப்புங்கள், 897 ரூபாயையும் அதே கணக்குக்கு ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள்."

இதில் முக்கியமானது இரண்டாவது வாக்கியம். பயன்படுத்திவிட்டுப் பணம் கேட்கிறார் என்ற பதிலுக்கு அது இடம் தராது. எப்போது கடைசியாகத் திறந்தீர்கள் என்பது நிறுவனத்திடம் பதிவாகியிருக்கும், மறுக்க முடியாது. நான்காம் நாள் பதில் வந்தது. சந்தா ரத்து, ஆகஸ்ட் மாத 299 மட்டும் நல்லெண்ணத்தில் திருப்பித் தருகிறோம், பழைய இரண்டுக்கும் எங்கள் விதிமுறையில் இடமில்லை என்றார்கள். பெரும்பாலானோர் இங்கே விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது என்பது என் எண்ணம். நிறுவனத்தின் விதிமுறைக்கு மேலே நாட்டின் விதி ஒன்று இருக்கிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரைத் திரை அமைப்பால் ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி. சந்தாவை நிறுத்துவதை முடியாததாகவோ நீண்ட சிக்கலான வேலையாகவோ ஆக்குவது, நிறுத்தும் வழியை மறைப்பது, இலவசச் சந்தாவுக்கே பணம் செலுத்தும் விவரங்களையோ ஆட்டோபே அனுமதியையோ கட்டாயமாக்குவது, நிறுத்தும் வழிமுறையைக் குழப்பமாக எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். அக்கா எடுத்த படங்களில், அந்தச் செயலியின் சந்தாப் பக்கத்தில் மேலான திட்டத்துக்கு மாறும் பொத்தான் பெரிதாக இருந்தது. நிறுத்தும் பொத்தான் எங்கேயும் இல்லை. உதவிப் பகுதியில் ஐந்து கேள்விகளைத் தாண்டினால்தான் மின்னஞ்சல் முகவரியே கிடைத்தது.

அந்தப் படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தோம். 1915 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், consumerhelpline.gov.in என்ற தளத்திலும் பதியலாம். கட்டணம் கிடையாது. அது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்துக்கு ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். ஆனால் சாதாரண மின்னஞ்சலைப் படிக்கும் முதல்நிலை ஊழியரைத் தாண்டி, முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் மேசைக்கு விஷயம் போய்விடுகிறது என்பதே பெரிய வித்தியாசம். ஜூலை மாத 299 ரூபாயும் வந்தது. ஜூன் மாதத்துக்கு, சோதனைக் காலம் முடியும் தேதி முதல் திரையிலேயே எழுதியிருந்தது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்தத் திரையின் படத்தை அவர்களும் அனுப்பினார்கள், எழுதித்தான் இருந்தது. 897இல் 598 கிடைத்தது. அக்கா அத்தோடு போதும் என்றார்.

நீங்கள் ரத்து செய்த பிறகும் பணம் போனது என்றால் நிலைமை வேறு. உங்கள் பக்கம் இன்னும் வலுவானது. அப்போது யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிவதோடு, உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். நீக்கிய நாள், நேரம், UMN, பணம் போன நாள், 12 இலக்க எண், நீக்கிய நிலையைக் காட்டும் படம் ஆகியவை அதில் இருக்கட்டும். அனுமதி இல்லாத மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகள், தானியங்கிச் சந்தாக்களுக்கும் பொருந்தும் என்று 2019 சுற்றறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். வங்கியின் குறைபாட்டால் நடந்தது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு கிடையாது. வங்கியின் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை, நடுவில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை சொன்னால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கைப்படி. புகார் சொன்ன 10 வேலை நாள்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஒப்புதலைத் தந்தது நீங்கள்தான் என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையதே.

இந்த விதிகளைக் கிளையில் இருக்கும் ஊழியர் அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். "நீங்க அந்தக் கம்பெனியிடம் பேசுங்க சார்" என்பதுதான் வழக்கமான பதில். வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராமல் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். 30 நாளில் வங்கி பதில் தரவில்லை என்றாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, தாமதிக்காமல் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கும் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் வங்கியிடம் கேட்காமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகத்தான் அந்தப் புகார் எண்.

வங்கி தன் வேலையைச் சரியாகச் செய்து, நிறுவனம்தான் பணத்தைத் தர மறுக்கிறது, தொகையும் ஆயிரங்களில் இருக்கிறது என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் முடியும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பணம் பிடித்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாதப் பிடித்தமும் தனித்தனி என்பதால், பழைய மாதங்கள் ஒவ்வொன்றாக அந்த எல்லையைத் தாண்டிப் போகும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய பிடித்தங்களையும் சேர்த்துக் கேட்பதானால் தாமதத்துக்கான காரணத்தைத் தனியாக எழுதி ஆணையத்தை ஏற்கச் செய்ய வேண்டும்.